மூன்று இழைகள், ஒரு நரம்பு செல்

கேள்வி: 11-ஆம் வகுப்பில் உயிரியல் படிக்கிறேன். நுண்ணிழை அசைவுக்கு, இடைநிலை இழை வடிவத்துக்கு, நுண்குழல் கடத்தலுக்கு என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் வேறொரு இடத்தில் நுண்குழலும் வடிவம் தரும், நுண்ணிழையும் பொருளைக் கடத்தும் என்று எழுதியிருக்கிறது. எது சரி? ஒரு செல்லுக்கு எதற்கு மூன்று வகை இழைகள்?

பதில்:

இரண்டுமே சரிதான். குழப்பம் உங்கள் அட்டவணையில் இருக்கிறது. வேலையை வைத்துப் பிரித்தால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இழை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், எந்த வேலை யாரால் முடியும், யாரால் முடியாது என்பது தானாகவே விளங்கிவிடும். கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்தும்போது நான் அட்டவணையைக் கடைசியில்தான் போடுவேன். முதலில் ஒரே ஒரு செல்லை எடுத்துக்கொண்டு அதற்குள் மூன்று இழைகளும் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். இங்கேயும் அப்படியே செய்கிறேன்.

நான் எடுத்துக்கொள்வது உங்கள் கால் விரலை அசைக்கும் நரம்பு செல். அதன் உடல் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில், இடுப்புக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கிருந்து ஆக்ஸான் என்கிற ஒற்றை நீட்சி பிட்டம், தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதத்துத் தசை வரை போகிறது. கிட்டத்தட்ட 1 மீட்டர் நீளம். தடிமன் 10 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. இவ்வளவு நீளமும் ஒரே செல்.

அளவு மனதில் பதிய ஒரு வழி இருக்கிறது. எல்லாவற்றையும் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்குங்கள். 1 நானோமீட்டர் 1 மில்லிமீட்டர் ஆகிவிடும். அப்போது நுண்ணிழை 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கொடிக்கயிறு. இடைநிலை இழை 10 மில்லிமீட்டர், கிணற்றுக் கயிறு மாதிரி. நுண்குழல் 25 மில்லிமீட்டர், அதாவது வீட்டில் தண்ணீர் வரும் ஒரு அங்குல பிவிசி குழாய். ஆக்ஸான் 10 மீட்டர் அகலமுள்ள ஒரு சுரங்கப்பாதை. நீளம் 1000 கிலோமீட்டர்! சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய், பாதி தூரம் திரும்பி வர வேண்டும்.

சரி, இப்போது பிரச்சினையைப் பாருங்கள். புரதங்களில் பெரும்பாலானவை செல்லின் உடலில், தண்டுவடத்தில்தான் தயாராகின்றன. அவை தேவைப்படுவதோ விரல் பக்கம். தானாகப் பரவிப் போகட்டும் என்று விட்டால் என்ன ஆகும்? செல்லுக்குள் நடுத்தர அளவுள்ள ஒரு புரதம் 10 மைக்ரோமீட்டர் பரவ ஐந்து நொடி போதும். சாதாரண செல்லுக்கு அது தாராளம். ஆனால் பரவல் கணக்கில் தூரம் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும், தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். அந்தக் கணக்கில் 1 மீட்டர் போக ஏறக்குறைய 1600 ஆண்டுகள் ஆகும். களப்பிரர் காலத்தில் கிளம்பிய புரதம் இப்போதுதான் விரலுக்கு வந்து சேர்ந்திருக்கும். ஆகவே சரக்கை யாராவது சுமந்து போயே ஆக வேண்டும்.

சுமப்பதற்கு என்ன மாதிரிப் பாதை வேண்டும்? உறுதியாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அதற்குத் திசை இருக்க வேண்டும். எது விரல் பக்கம், எது தண்டுவடப் பக்கம் என்பது பாதையிலேயே பொறித்திருக்க வேண்டும், ஏனென்றால் சுமப்பவருக்குக் கண் கிடையாது.

நுண்குழல் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. டியூபுலின் என்ற புரதத்தில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு உருண்டைகள் ஜோடியாக ஒட்டியிருக்கும். ஒரு ஜோடியின் நீளம் 8 நானோமீட்டர். இந்த ஜோடிகள் ஆல்ஃபா பின்னால், பீட்டா முன்னால் என்று ஒரே திசை பார்த்து வரிசையாக அடுக்கப்படுகின்றன. அப்படிப் பொதுவாக 13 வரிசைகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து வட்டமாக மூடிக்கொண்டால் ஒரு குழல். எந்த இடத்தில் தொட்டுப் பார்த்தாலும் முன் எது, பின் எது என்று தெரியும். பீட்டா தெரியும் முனையைக் கூட்டல் முனை என்றும் மற்றதைக் கழித்தல் முனை என்றும் சொல்வார்கள். மின்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வேகமாக வளரும் முனை எது என்பதற்கான அடையாளம் மட்டும்தான். ஆக்ஸானுக்குள் எல்லா நுண்குழல்களின் கூட்டல் முனையும் விரல் பக்கம் பார்த்திருக்கும்.

உறுதிக்குக் காரணம் அது உள்ளே கூடாக இருப்பது. அதே அளவு பொருளைத் திடக் குச்சியாகச் செய்வதைவிடக் குழலாகச் செய்தால் வளைப்பது கடினம். மூங்கில் சாரம் கட்டுபவரைக் கேட்டால் சொல்வார். நமது பெரிதாக்கிய அளவில், செல்லுக்குள் எப்போதும் இருக்கும் வெப்ப நடுக்கத்தால் இடைநிலை இழை ஒரு மீட்டர் நீளத்திலேயே நெளிந்துவிடும், நுண்ணிழை பத்து மீட்டர் அளவில் நெளியும். நுண்குழல் அப்படித் தானாக நெளிய வேண்டுமென்றால் கிலோமீட்டர் கணக்கில் நீளம் வேண்டும்.

இந்தக் குழல்மீது நடப்பவர்களில் முதலாவது கைனெசின். 1985-இல் கணவாயின் பெரிய ஆக்ஸானை வைத்து ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் இதைக் கண்டுபிடித்தார்கள். கைனெசினுக்கு இரண்டு கால்கள். ஒரு காலைக் குழலில் ஊன்றி மற்றதை முன்னால் வீசும். ஓர் எட்டு 8 நானோமீட்டர், அதாவது சரியாக ஒரு டியூபுலின் ஜோடியின் நீளம். ஓர் எட்டுக்கு ஒரு ஏடிபி செலவு. நொடிக்கு நூறு எட்டு வரை வைக்கும். அதன் முதுகில் இருப்பது தன்னைவிடப் பல மடங்கு பெரிய கொழுப்புப் பை ஒன்று. அது எப்போதும் கூட்டல் முனையை நோக்கியே நடக்கும், அதாவது விரல் பக்கம். திரும்பி வரும் சரக்குக்கு டைனீன் என்ற வேறொரு புரதம் இருக்கிறது. அது கழித்தல் முனையை நோக்கி, தண்டுவடத்துக்கு நடக்கும். முகவரி எழுதிய சீட்டு தேவையில்லை. எந்த ஆள் சுமக்கிறார் என்பதே எங்கே போகும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

1 மீட்டருக்கு எத்தனை எட்டு என்று போட்டுப் பாருங்கள்: 12.5 கோடி. ஒரே கைனெசின் அத்தனையும் நடப்பதில்லை. நூறு எட்டு வைத்ததும் பெரும்பாலும் கழன்று விழுந்துவிடும். ஒரே பையைப் பல கைனெசின்கள் பிடித்திருப்பதால் ஒன்று விழுந்தாலும் சரக்கு நிற்பதில்லை. அதேபோல நுண்குழலும் தண்டுவடத்திலிருந்து விரல் வரை ஒரே துண்டாக ஓடுவதில்லை. துண்டு துண்டாக, ஒன்றின் வால் இன்னொன்றின் தலையைத் தாண்டும்படி அடுக்கியிருக்கும். சரக்கு ஒரு குழலிலிருந்து அடுத்ததற்கு மாறிக்கொண்டே போகும். இப்படியும் வேகமான சரக்கு நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர் வரை போகிறது. ஆக விரலுக்கு இரண்டரை நாளிலிருந்து ஐந்து நாள். 1600 ஆண்டுக்கு இது பரவாயில்லை.

இந்தப் பாதை பழுதானால் எப்படித் தெரியும்? இதற்கு ஒரு நல்ல உதாரணம் நம் வீட்டு வாசலிலேயே பூத்துக் கிடக்கிறது. நித்தியகல்யாணி, சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்பார்கள். பூர்வீகம் மடகாஸ்கர், ஆனால் இங்கே வேலியோரமெல்லாம் அதுதான். 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்ல்ஸ் பீர் ஆகிய இருவரும் இது சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று எலிகளிடம் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. அந்த வழியில் வந்தவைதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் வின்கிரிஸ்டின் இன்றும் முக்கியமான மருந்து.

அது டியூபுலினில் ஒட்டிக்கொண்டு குழல் வளர்வதைத் தடுக்கிறது. நுண்குழல் எப்போதும் கட்டப்பட்டும் கலைந்தும் கொண்டிருக்கும் ஒன்று. முனையில் புதிதாகச் சேர்ந்த டியூபுலினில் ஜிடிபி என்ற மூலக்கூறு இருக்கும் வரை குழல் நிலைக்கும். சற்று நேரத்தில் அந்த மூலக்கூறு ஒரு பாஸ்பேட்டை இழந்துவிடும். புதுச் சரக்கு வந்து சேரும் வேகம் குறைந்து, முனையில் ஜிடிபி உள்ள தொப்பி தீர்ந்துபோனால், குழல் வாழைத்தோல் உரிவதுபோல வரிசை வரிசையாகப் பிரிந்து சுருங்கும். 1984-இல் டிம் மிட்சிசன், மார்க் கிர்ஷ்னர் இருவரும் இதை விளக்கினார்கள். பிரியப்போகும் செல்லுக்கு இந்த வேகமான கட்டலும் கலைத்தலும் உயிர்நாடி. குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர், நுண்குழல்களால்தான் ஆனது. வின்கிரிஸ்டின் அதை முடக்கினால் புற்றுநோய் செல் பிரிய முடியாமல் சாகிறது.

ஆனால் நரம்பு செல் பிரிவதே இல்லையே, அதற்கு ஏன் பாதிப்பு? ஏனென்றால் அதற்கு நுண்குழல் சாலையாக வேண்டும். வின்கிரிஸ்டின் எடுத்துக்கொள்பவர்களிடம் முதலில் தெரியும் அறிகுறிகளில் ஒன்று, குதிகால் நரம்பைச் சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளாமல் இருப்பது. அப்புறம் கால்விரல் நுனியிலும் கைவிரல் நுனியிலும் மதமதப்பு, குத்தல். மருந்து தொடர்ந்தால் பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்து நடப்பார்கள். குடலின் நரம்புகளும் பாதிக்கப்படுவதால் மலச்சிக்கல் வரும். இந்த நரம்புக் கோளாறுதான் மருந்தின் அளவுக்கு எல்லை போடுகிறது. ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம்.

கவனியுங்கள், தொல்லை காலில் தொடங்குகிறது. தொடையிலோ முகத்திலோ அல்ல. உடம்பில் மிக நீளமான ஆக்ஸான்கள் காலுக்குப் போகின்றவை. சாலையில் ஆங்காங்கே பத்து சதவீதம் பழுது என்றால் பக்கத்து ஊருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, 1000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்குச் சரக்கே வராது. நீரிழிவிலும் இதே மாதிரி பாதத்தில்தான் மரமரப்பு தொடங்குகிறது. அங்கே காரணங்கள் பல, ஆனால் நீளமானது முதலில் வாடும் என்ற ஒழுங்கு ஒன்றுதான். இதில் இன்னொரு வேடிக்கை, பாக்லிடாக்ஸெல் என்ற மருந்து இதற்கு நேர் எதிராக நுண்குழல் கலையவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. அதுவும் கால்விரலை மரத்துப்போகச் செய்கிறது. ஆக சாலை இடிந்தாலும் தொல்லை, இளகாமல் இறுகினாலும் தொல்லை.

இனி இடைநிலை இழைக்கு வருவோம். இதன் பெயரைப் பற்றி ஒரு சின்ன விஷயம். நுண்ணிழைக்கும் நுண்குழலுக்கும் இடைப்பட்ட தடிமன் என்பதால் இந்தப் பெயர் என்று பலரும் எழுதுகிறார்கள். அளவு அப்படி அமைந்தாலும் பெயர் வந்த கதை அதுவல்ல. 1968-இல் தசை செல்களைப் பார்த்தவர்கள், மெல்லிய ஆக்டின் இழைக்கும் தடித்த மையோசின் இழைக்கும் இடைப்பட்டது என்ற பொருளில் வைத்த பெயர் அது.

இதன் கட்டுமானம் முற்றிலும் வேறு. உருண்டைகளை அடுக்குவதற்குப் பதிலாக, நீளமான புரதங்கள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொள்கின்றன. அப்படி முறுக்கிய இரண்டு ஜோடிகள், ஒன்றின் தலை இன்னொன்றின் வால் பக்கம் இருக்கும்படி எதிரும் புதிருமாகச் சேர்கின்றன. இந்த நான்கு பேர் கட்டுகள் பக்கவாட்டிலும் நீளவாட்டிலும் சேர்ந்து கயிறு ஆகின்றன. எதிரும் புதிருமாகச் சேர்ந்துவிட்டதால் கயிற்றின் இரு முனைகளுக்கும் வித்தியாசமே இல்லை. திசை இல்லை. திசை இல்லாத பாதையில் கைனெசினோ டைனீனோ எந்தப் பக்கம் நடக்கும்? அதனால்தான் இடைநிலை இழைமீது நடக்கும் மோட்டார் புரதம் எதுவும் அறியப்படவில்லை. கடத்தல் என்ற கட்டத்தில் இதன் பெயர் வராததற்குக் காரணம் இந்த ஒன்றே. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

திசையை விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாகக் கிடைத்தது தாங்கும் பலம். இழுத்தால் அறுந்துவிடாமல், இரண்டு மடங்குக்கு மேலும் நீளும். நுண்குழல் அப்படி இழுபட்டால் ஒடிந்துவிடும். இந்தப் பலத்துக்கு உங்கள் தோலே சாட்சி. தோலின் அடி அடுக்கு செல்களில் கெரட்டின் 5, கெரட்டின் 14 என்ற இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து இழையாகின்றன. இவற்றில் ஒன்றில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால்கூட சிலருக்குத் தோல், செருப்பு உரசினாலே கொப்புளமாகிவிடும். வெயில் காலத்தில் இன்னும் மோசம். அந்தக் கொப்புளத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லுக்கும் செல்லுக்கும் இடையில் பிரிந்திருக்காது, செல்லே நடுவில் கிழிந்திருக்கும். அந்த செல்லில் நுண்குழலும் இருக்கிறது, நுண்ணிழையும் இருக்கிறது. இருந்தும் கிழிகிறது. இழுவையைத் தாங்கும் வேலையில் மற்ற இரண்டும் இதற்கு ஈடில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் கிடைக்காது.

நமது நரம்பு செல்லில் இருக்கும் இடைநிலை இழைக்கு நரம்பிழை என்று பெயர். இங்கே அது வேறொரு வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அதன் உடம்பிலிருந்து பக்கவாட்டில் மயிர்போல நீட்சிகள் கிளம்பி நிற்கும். அவை பக்கத்து இழையை எட்டியே வைத்திருக்கும். ஆயிரக்கணக்கான இழைகள் இப்படி இடம் பிடித்து நிற்பதால் ஆக்ஸான் பருத்து நிற்கிறது. பருமன் கூடினால் நரம்புத் துடிப்பின் வேகமும் கூடும். ஜப்பானியக் காடைகளில் நரம்பிழையே இல்லாத ஒரு பிறவிக் குறை உண்டு. அந்தக் காடைகளின் ஆக்ஸான்கள் மெலிந்திருக்கும், பறவை நடுங்கிக்கொண்டே இருக்கும். உயிரோடுதான் இருக்கும். அதாவது நரம்பிழை இல்லாவிட்டாலும் சரக்கு போகும், சாலை இடுங்கிப்போகும்.

நரம்பிழைமீது யாரும் நடக்க முடியாது என்றேனே, ஆனால் நரம்பிழையே ஒரு சரக்கு. அதுவும் தண்டுவடத்தில் உருவாகி நுண்குழல்மீது ஏறித்தான் விரலுக்குப் போகிறது. சராசரி வேகம் நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டருக்குள். இந்த மெதுவான ஓட்டத்தை 1948-இலேயே பால் வைஸ், ஹெலன் ஹிஸ்கோ இருவரும் கண்டார்கள். நரம்பை இறுக்கிக் கட்டியபோது கட்டுக்கு மேல்பக்கம் வீங்கியது, அவிழ்த்ததும் வீக்கம் மெல்லக் கீழே நகர்ந்தது. ஏன் இவ்வளவு மெதுவு என்பது நெடுநாள் புதிர். 2000 வாக்கில் உயிருள்ள ஆக்ஸானில் ஒளிரும் நரம்பிழையைப் பார்த்தபோதுதான் விடை தெரிந்தது: ஓடும்போது வேகமாகத்தான் ஓடுகிறது, ஆனால் பெரும்பாலான நேரம் நின்றுகொண்டே இருக்கிறது. ஊருக்கு ஊர் டீ குடிக்க நிற்கும் லாரி மாதிரி. நாளுக்கு 1 மில்லிமீட்டர் என்றே வைத்தாலும் உங்கள் பாதத்தில் இன்று இருக்கும் நரம்பிழை தண்டுவடத்திலிருந்து கிளம்பி இரண்டே முக்கால் ஆண்டு ஆகியிருக்கும்.

இதில் மருத்துவர்களுக்கு ஒரு பயனும் இருக்கிறது. ஆக்ஸான் சிதைந்தால் நரம்பிழைத் துண்டுகள் வெளியே கசிந்து ரத்தத்துக்கு வருகின்றன. ரத்தத்தில் அவற்றின் அளவு ஏறினால் எங்கோ நரம்புகள் அழிகின்றன என்று பொருள். எந்த நோயால் என்று அது சொல்லாது, எவ்வளவு வேகமாக என்பதை ஓரளவு சொல்லும்.

மூன்றாவது, நுண்ணிழை. ஆக்டின் உருண்டைகள் இரண்டு சரமாக முறுக்கிய கயிறு. உருண்டைகள் ஒரே திசை பார்த்து அடுக்கியிருப்பதால் இதற்கும் திசை உண்டு. ஆகவே இதன்மீதும் நடக்க முடியும், நடப்பவர் மையோசின். நீங்கள் வேறிடத்தில் படித்த 'நுண்ணிழையும் கடத்தும்' என்பது இதுதான். ஆனால் விலங்கு செல்லில் நுண்ணிழைகள் பெரும்பாலும் குட்டையானவை, வலைபோலப் பின்னியவை, செல் சவ்வை ஒட்டியே இருப்பவை. நெடுஞ்சாலைக்கு ஒவ்வாது, தெருமுனைக்குச் சரி. நுண்குழலில் வந்து இறங்கிய பையைக் கடைசி ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் கொண்டுசேர்ப்பது போன்ற வேலைகளுக்கு உதவும்.

ஆக்ஸானின் நெடுக ஆக்டின் என்ன செய்கிறது என்பது 2013 வாக்கில்தான் சரியாகத் தெரிந்தது. சாதாரண நுண்ணோக்கிக்கு எட்டாத நுட்பத்தைக் காட்டும் புதிய முறையில் பார்த்தபோது, சவ்வுக்கு அடியில் வளையம் வளையமாக ஆக்டின் தெரிந்தது. வளையத்துக்கு வளையம் ஏறக்குறைய 190 நானோமீட்டர், தப்பாத இடைவெளி. வளையங்களை இணைப்பது ஸ்பெக்ட்ரின் என்ற சுருள்வில் போன்ற புரதம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் சுருள் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள், வளைத்தாலும் நசுங்காது. நீங்கள் சம்மணமிட்டு உட்காரும்போது தொடை நரம்பு இழுபடுகிறது, எழுந்தால் தளர்கிறது. ஸ்பெக்ட்ரின் இல்லாத ஒரு வகை நூற்புழுவில் ஆக்ஸான்கள் சரியாகத்தான் வளர்கின்றன, ஆனால் புழு நெளிய நெளிய அறுந்துபோகின்றன. அதே புழுவை அசையாமல் செய்துவிட்டால் அறுவதில்லை. இந்தச் சோதனையை எனக்கு மிகவும் பிடிக்கும். சந்தேகத்துக்கு இடமே வைக்காத சோதனைகள் உயிரியலில் குறைவு.

அசைவு என்று சொன்னீர்களே, அது எங்கே? நரம்பு வெட்டுப்பட்டால் தெரியும். தொடையில் நரம்பு அறுந்து, தையல் போட்டுச் சேர்த்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். காயத்துக்குக் கீழே உள்ள துண்டு சரக்கு வராமல் சிதைந்துவிடும். மேலே இருக்கும் துண்டின் நுனி விரிந்து, கை விரித்ததுபோல ஒரு வளர்முனை ஆகும். அதன் விரல்கள் ஆக்டின் கட்டுகள். முனையில் ஆக்டின் சேரச் சேர விரல் முன்னால் தள்ளும். பின்பக்கம் மையோசின் அந்த ஆக்டினை உள்ளே இழுக்கும். தள்ளலும் இழுப்பும் சமமாக இருந்தால் இருந்த இடத்திலேயே ஓடுவது மாதிரிதான். ஒரு விரல் தரையில் நல்ல பிடி பிடித்துவிட்டால், இழுக்கப்படும் ஆக்டினுக்குப் பதிலாக மொத்த முனையும் அந்தப் பக்கம் நகரும். நகர்ந்த வழியில் நுண்குழல்கள் பின்னாலேயே நுழைந்து, அந்த இடத்தை ஆக்ஸானாக நிலைப்படுத்தும்.

இதில் யார் எதைச் செய்கிறார் என்று பிரித்துப் பார்க்கவும் முடியும். ஆக்டின் சேர்வதைத் தடுக்கும் சைட்டோகலாசின் என்ற பூஞ்சைப் பொருளை 1986-இல் வெட்டுக்கிளிக் கருவின் காலில் வளரும் நரம்புக்குக் கொடுத்தார்கள். ஆக்ஸான் வளர்ந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் விரல்கள் இல்லாததால் வழிதெரியாமல் கண்ட பக்கம் போனது. மாறாக, வளர்ப்புத் தட்டில் உள்ள நரம்பு செல்லுக்கு நுண்குழலைக் கலைக்கும் கால்ச்சிசின் கொடுத்தால் நீண்டிருந்த ஆக்ஸானே சுருங்கிப் பின்வாங்கும். வழி தேடுவது ஆக்டின், நீளத்தைத் தாங்குவது நுண்குழல். இந்தக் கால்ச்சிசின் நம்ம ஊர் செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் அதே நஞ்சுதான். டியூபுலின் என்ற புரதத்தையே 1967-இல் கேரி போரிசி, எட்வின் டெய்லர் இருவரும் இது எதோடு போய் ஒட்டுகிறது என்று துரத்தித்தான் பிடித்தார்கள்.

மனிதரில் இந்த வளர்ச்சி நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், மாதம் ஓர் அங்குலம் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். சாலை போடத் தேவையான டியூபுலினும் நரம்பிழையும் மெதுவான ஓட்டத்தில்தான் வந்து சேர்கின்றன என்பதால் இந்த வேகம் அதோடு ஒத்துப்போவதில் ஆச்சரியமில்லை. தொடையிலிருந்து பாதத்துக்கு 60 சென்டிமீட்டர் என்றால் 600 நாள். ஆனால் நரம்பில்லாத தசை அவ்வளவு நாள் காத்திருக்காது. ஒன்றரை ஆண்டு தாண்டினால் பெரும்பாலும் நரம்பை ஏற்கும் திறனை இழந்துவிடும். மேல் தொடையில் அறுபட்ட நரம்புக்குப் பாதத்தில் பலன் குறைவாக இருப்பதற்கும், மணிக்கட்டில் அறுபட்டதற்குப் பலன் நன்றாக இருப்பதற்கும் இந்தக் கணக்கே முக்கியக் காரணம்.

இப்போது உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். தேர்வில் கேட்டால் எழுதிவிடுங்கள், மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. ஆனால் தலைப்புகளை மாற்றி உங்களுக்காக ஒன்று போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: இழைக்குத் திசை உண்டா, இழுத்தால் தாங்குமா, வளைத்தால் தாங்குமா, எவ்வளவு வேகமாகக் கட்டிக் கலைக்க முடியும். இந்த நான்குக்கும் விடை தெரிந்தால், ஒரு புதிய செல்லைக் காட்டினாலும் அதில் எந்த இழை என்ன செய்யும் என்று நீங்களே ஊகிக்கலாம். ஊகம் தப்பும் இடமும் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பள்ளி ஆய்வகத்தில் வேலம்பாசி கிடைத்தால் ஓர் இளம் இலையைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, 400 மடங்கில் நடு நரம்பை ஒட்டிய செல்களைப் பாருங்கள். முதலில் பச்சையக் கணிகங்கள் அசையாமல் இருப்பதாகத் தோன்றும். விளக்கை அணைக்காமல் பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு அவை ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லின் சுவரை ஒட்டி வரிசையாகச் சுற்றிவரத் தொடங்கும், கோயில் பிராகாரத்தில் கூட்டம் நகர்வதுபோல. நெடுந்தூரக் கடத்தல் என்றால் நுண்குழல் என்று நான் இவ்வளவு நேரம் சொன்னதை வைத்து, இதுவும் நுண்குழல் வேலை என்றுதான் ஊகிப்பீர்கள். ஆனால் தாவர செல்லில் இந்த ஓட்டம் ஆக்டின்மீது நடக்கிறது. அங்கே ஆக்டின் குட்டை வலையாக இல்லாமல் நீளமான கட்டுகளாகச் செல் நெடுக ஓடுகிறது, அதன்மீது வேகமான மையோசின்கள் நடக்கின்றன. நுண்குழல்கள் சுவர்ப் பக்கம் படுத்துக்கொண்டு, செல்லுலோஸ் எந்தத் திசையில் இழைக்கப்பட வேண்டும் என்பதற்கு வழிகாட்டுகின்றன. சைட்டோகலாசின் ஒரு துளி விட்டால் கணிகங்களின் ஊர்வலம் நிற்கும். கால்ச்சிசின் விட்டால் நிற்காது.